‘ஆறரை மணி’ என்றால் எந்த ஆறரை?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கத்தில் உள்ள அரிசி ஆலையில் மேலாளராக இருக்கிறேன். கார்த்திகையில் ஒரு நாள் மாலை எங்கள் தவிட்டு அறை தீப்பிடித்தது. காவலாளி ஆறரை மணி என்கிறார். எதிர்க்கடை அண்ணாச்சி ஏழு மணி என்கிறார். சுமை தூக்குபவர்களில் ஒருவர் புகை வந்த பிறகுதான் கரண்ட் போனது என்கிறார், இன்னொருவர் கரண்ட் போன பிறகுதான் புகை என்கிறார். தீயணைப்பு வண்டி வர ஒரு மணி நேரம் ஆனதாக எல்லோரும் சொல்கிறார்கள். கேமராவின் கடைசிப் படத்தில் 7:02 என்று இருக்கிறது. இன்சூரன்ஸ் சர்வேயர் நடந்ததை நிமிட வாரியாக எழுதித் தரச் சொல்கிறார். யாருடைய நேரத்தை எடுத்துக்கொள்வது? எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி போடலாமா? வாக்குமூலங்களையும் கிடைத்த பதிவுகளையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: சராசரி போட வேண்டாம். ஆறரையையும் ஏழையும் கூட்டிப் பாதியாக்கினால் ஆறே முக்கால் வரும். ஆனால் அந்த நேரத்தை உங்கள் சாட்சிகளில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. நாளை சர்வேயர், “இந்த ஆறே முக்கால் யார் சொன்னது?” என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. நிமிட வரிசையில் உள்ள ஒவ்வொரு நேரத்துக்கும் பின்னால் அதைச் சொன்ன ஒரு மனிதரோ பதிந்த ஒரு இயந்திரமோ இருக்க வேண்டும். தீ இழப்புக் கோரிக்கைகளை விசாரிப்பதிலேயே என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. நான் பார்த்தவரை, சாட்சிகள் பொய் சொல்வதால் நேரங்கள் முரண்படுவது குறைவு. ஒரே சொல்லால் வெவ்வேறு நிகழ்வுகளைக் குறிப்பதாலும், ஒவ்வொருவரும் வெவ்வேறு கடிகாரத்தைப் பார்த்ததாலும் வரும் முரண்பாடுகளே மிகுதி. உங்கள் காகிதங்களிலும் அதைத்தான் காண்கிறேன்.

முதலில் மனிதர்களை விட்டுவிட்டு இயந்திரங்களை எடுத்துக்கொள்வோம். ஒரு கடிகாரத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு மாற்ற வேண்டும். நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்ட கைபேசி அதற்குப் போதும், ஆனால் அந்த அமைப்பு அன்று உண்மையில் அப்படித்தான் இருந்ததா என்று பார்த்துவிடுங்கள். நான் தொலைபேசியில் கேட்டுக்கொண்டபடி, கேமரா பதிவுப் பெட்டியின் நேரடித் திரையையும் உங்கள் கைபேசிக் கடிகாரத்தையும் ஒரே படத்தில் விழும்படி இரண்டு முறை எடுத்து அனுப்பியிருந்தீர்கள். தீ விபத்து நடந்து 10ஆம் நாள் எடுத்த படத்தில் பதிவுப் பெட்டி 11 நிமிடம் 15 விநாடி முந்தி ஓடுகிறது. அதற்கு ஐந்து நாள் கழித்து எடுத்ததில் 11 நிமிடம் 25 விநாடி முந்துகிறது. அதாவது அந்தக் கடிகாரம் நாளொன்றுக்கு 2 விநாடி வீதம் விலகிக்கொண்டே போகிறது. முதல் படத்துக்கும் விபத்துக்கும் இடையில் 10 நாள் என்பதால் 20 விநாடியைக் கழிக்க வேண்டும். விபத்தன்று அது 10 நிமிடம் 55 விநாடி முந்தியிருந்திருக்கும். திரையில் 7:02:10 என்று நின்றுபோன கடைசிப் படம் உண்மையில் 6:51:15ஐச் சேர்ந்தது. இடையில் மின்சாரம் இல்லாமல் பெட்டி அணைந்து கிடந்த நேரத்தில் விலகும் வேகம் சற்று மாறியிருக்கலாம் என்பதால், இருபுறமும் அரை நிமிடம் விட்டு 6:51 என்றே எழுதுங்கள். விநாடிக் கணக்கு காட்டினால் நம்பகம் கூடும் என்று நினைப்பவர்கள் உண்டு. எங்கள் தொழிலில் அது சந்தேகத்தைத்தான் கூட்டும்.

இதில் பலர் செய்யும் பிழை, கடிகாரம் தவறாக ஓடுவது தெரிந்ததும் உடனே அதைச் சரிசெய்துவிடுவது. அப்படிச் செய்தால் எத்தனை நிமிடம் தவறியது என்பதற்கான ஒரே சான்றும் போய்விடும். எவரும் பெட்டியைத் தொட வேண்டாம். வட்டு நிறைந்ததும் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும் என்பதால், அன்றைய பதிவை முழுமையாக, வெட்டாமல் நகலெடுத்து வையுங்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போனால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். அந்தப் படிவம் கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பு பிறகு மாறவில்லை என்று காட்ட அதிலிருந்து கணக்கிடும் குறியீட்டையும் கேட்கும். நகலெடுக்கும் அன்றே அதையும் கணக்கிட்டுக் குறித்துவைப்பது நல்லது.

அடுத்து தீயணைப்பு நிலையத்தின் நேரம். அங்கே பதிவேட்டில் அழைப்பு வந்தது 6:59, வண்டி இடத்துக்கு வந்தது 7:17 என்று இருக்கிறது. இது அவர்கள் சுவர்க் கடிகாரத்தின் நேரம், உங்களுடையது அல்ல. நல்லவேளையாக, இரண்டு கடிகாரங்களிலும் பதிவான ஒரு நிகழ்வு இருக்கிறது: அண்ணாச்சி 101க்குப் பேசிய அழைப்பு. அவருடைய கைபேசியில் அது 6:57க்கு, ஒரு நிமிடம் 10 விநாடி நீளத்துக்குப் பதிவாகியிருக்கிறது. பேசி முடிந்த பிறகு நிலையத்தில் எழுதியிருந்தால் அவர்கள் கடிகாரம் ஏறக்குறைய ஒரு நிமிடம் முந்துகிறது. எடுத்தவுடன் எழுதியிருந்தால் இரண்டு நிமிடம் முந்துகிறது. எனவே வண்டி வந்தது 7:15க்கும் 7:16க்கும் இடையில். உங்கள் கணக்குப்பிள்ளை எடுத்த படத்தில் வீரர்கள் குழாயை விரித்துக்கொண்டிருக்கிறார்கள், அதன் நேரம் 7:16. கணக்கு சரியாகப் பொருந்துகிறது. ஆனால் அந்தப் படத்தை அவருடைய கைபேசியிலிருந்தே வாங்குங்கள். வாட்ஸ்அப் வழியாக வந்த பிரதியில் படம் எடுத்த நேரம் தங்குவதில்லை, வந்து சேர்ந்த நேரம்தான் இருக்கும்.

ஆக அழைப்பிலிருந்து வண்டி வர 18, 19 நிமிடம்தான் ஆகியிருக்கிறது. ஐந்து பேரும் ஒரு மணி நேரம் என்கிறார்களே என்று கேட்பீர்கள். அஞ்சிக்கொண்டு காத்திருக்கும் மனிதனுக்கு நேரம் நீண்டுவிடும். 1980களில் அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லோஃப்டஸ் குழுவினர் 30 விநாடியே ஓடும் ஒரு வங்கிக் கொள்ளைக் காட்சியைக் காட்டிவிட்டு, அது எவ்வளவு நேரம் ஓடியது என்று பின்னர் கேட்டபோது, பார்த்தவர்கள் சராசரியாகப் பல மடங்கு கூட்டிச் சொன்னார்கள். அதனால் எந்தச் சாட்சியும் நெருக்கடியில் சொல்லும் கால அளவை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. எது முன், எது பின் என்று அவர் சொல்வதைத்தான் சேர்ப்பேன். இன்னொன்றும் உண்டு. ஐந்து பேர் ஐந்து விதமாக முக்கால் மணி, அரை மணி, ஒரு மணி என்று சொல்லியிருந்தால்கூட நம்பலாம். ஐந்து பேரும் அச்சடித்தாற்போல் ஒரே அளவைச் சொல்வது, பத்து நாளாக அந்த டீக்கடைப் பெஞ்சில் எல்லோரும் சேர்ந்து பேசியிருக்கிறார்கள் என்பதையே காட்டுகிறது. ஒருவர் வாயிலிருந்து ஐந்து பேர் வாய்க்குப் போன ஒரே சாட்சியம் அது. இனிமேலாவது ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்துக் கேளுங்கள். கேட்கும்போது மற்றவர் சொன்னதையோ கேமரா காட்டும் நேரத்தையோ வாய்தவறியும் சொல்லிவிடாதீர்கள்.

இனி மனிதர்கள். “எத்தனை மணிக்கு?” என்பது முதல் கேள்வியாக இருக்கவே கூடாது. அப்படிக் கேட்டால் மனிதர் ஒரு எண்ணைத் தேடி எடுத்துக் கொடுத்துவிடுவார், பிறகு அந்த எண்ணைக் காப்பாற்றத் தொடங்கிவிடுவார். அன்று மாலை என்ன வேலை செய்துகொண்டிருந்தார், அதற்கு முன் என்ன, அடுத்து என்ன என்று நடக்கவிட்டுப் பேசச் சொல்லுங்கள். கடைசியில், “அது அந்த நேரம்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேளுங்கள். உங்கள் காவலாளியின் வாக்குமூலத்தில் நீங்கள் ‘மாலை 6:30’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதற்கு மேல்வரியில் அவர் சொன்னதை அப்படியே எழுதிவைத்தது நல்லதாகப் போயிற்று: “பாங்கு சொல்லி ரொம்ப நேரமாயிட்டு. பக்கத்து வீட்டுல ஆறரை மணி சீரியல் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அப்பதான் புகை வாடை.” அவர் ஆறரை என்று சொன்னது கடிகாரத்தை அல்ல, தொலைக்காட்சித் தொடரை. ஆறரை மணித் தொடர் ஓடிக்கொண்டிருந்தது என்றால் நேரம் 6:30க்கும் 7:00க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். கார்த்திகையில் நம் பக்கம் சூரியன் ஆறு மணியை ஒட்டி மறைவதால் மஃரிப் பாங்கும் அப்போதே முடிந்திருக்கும். “ரொம்ப நேரமாயிட்டு” என்பதோடு அதுவும் ஒத்துப்போகிறது. அவர் தவறாக எதுவும் சொல்லவில்லை. எழுதியவர்தான் முப்பது நிமிட அகலமுள்ள ஒரு சொல்லை ஒற்றை நிமிடமாகக் குறுக்கிவிட்டார். கோபித்துக்கொள்ளாதீர்கள், எழுதியவர் நீங்கள்தான்.

இப்போது கரண்ட் விவகாரத்துக்கு வருவோம். சர்வேயர் இதைத்தான் முதலில் கிண்டுவார், அதற்குக் காரணமும் உண்டு. எண்ணெய்ப் பசையுள்ள தவிடு குவியலாகக் கிடந்தால் தானாகவே உள்ளே சூடேறக்கூடிய பொருள். மின்கசிவாலும் தீப்பிடிக்கலாம். எது முந்தியது என்பதிலிருந்து அவர் காரணத்தை நோக்கிப் போகப் பார்ப்பார். சுமை தூக்குபவர்கள் இருவரின் சொற்களையும் அவர்கள் நின்ற இடத்தோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். முதலாமவர் தவிட்டு அறைக்கு அடுத்த கொட்டகையில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். புகையைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது விளக்குகள் அணைந்தன என்கிறார். இரண்டாமவர் முன்பக்கத் திண்ணையில் இருந்தார். விளக்கு அணைந்ததும் ஃபியூஸ் பார்க்கலாம் என்று பின்னால் போனார், அங்கே புகையைக் கண்டார். இருவர் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். ஒருவர் பேசுவது புகை இருந்ததைப் பற்றி, மற்றவர் பேசுவது தான் புகையைக் கண்டதைப் பற்றி. ‘புகை வந்தது’ என்ற ஒரே தலைப்பில் இரண்டையும் நீங்கள் போட்டதால்தான் முரண்பாடு பிறந்தது. வரிசையில் அவற்றை இரண்டு நிகழ்வுகளாகவே எழுதுங்கள்: கொட்டகையில் இருந்தவர் புகையைக் கண்டது; ஆலையில் விளக்கு அணைந்தது, 6:51; திண்ணையில் இருந்தவர் புகையைக் கண்டது. நடுவில் இருப்பதற்கு மட்டும் இயந்திரச் சான்று இருக்கிறது, மற்ற இரண்டும் அதற்கு முன்னும் பின்னும் உட்கார்ந்துகொள்கின்றன. ஆனால் புகை முந்தியது என்பதாலேயே மின்சாரம் காரணமில்லை என்று நீங்கள் முடிவுரை எழுதிவிட வேண்டாம். கம்பி உள்ளுக்குள் புகைந்து பிறகு பிரேக்கர் விழுவதும் உண்டு. நிமிட வரிசை காரணத்தைச் சொல்லாது.

‘கரண்ட்’ என்ற சொல்லிலும் இதே சிக்கல் ஒளிந்திருக்கிறது. துணை மின்நிலையத்தில் நீங்கள் வாங்கிய குறிப்பின்படி, தெருவுக்கு வரும் ஃபீடர் மின்பாதையை நிறுத்தியது 7:03. உங்கள் கேமரா அணைந்தது 6:51. அன்று மின்சாரம் இரண்டு முறை போயிருக்கிறது: முதலில் ஆலைக்கு மட்டும், பிறகு தெரு முழுவதற்கும். அண்ணாச்சியின் ‘ஏழு மணி’ இந்த இரண்டாவது தடைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. கடையில் விளக்கு போனதும் மேலே மாட்டியிருக்கும் பேட்டரிக் கடிகாரத்தை டார்ச் அடித்துப் பார்த்ததாகச் சொல்கிறார். ஆனால், “கரண்ட் போச்சு, அப்புறந்தான் தீயணைப்புக்குப் போன் போட்டேன்” என்றும் சொல்கிறார். அவர் கைபேசி 6:57 என்கிறது, தெருவில் மின்சாரம் போனது 7:03. துணை மின்நிலையக் கடிகாரத்துக்கு இரண்டு நிமிடம் தள்ளுபடி கொடுத்தாலும் இது சேரவில்லை. எதிரே ஆலை இருண்டதைத்தான் அவர் ‘கரண்ட் போச்சு’ என்கிறாரோ என்று எனக்கும் தோன்றுகிறது. அதை நாம் அவரிடம் சொல்லக் கூடாது. “எங்கே கரண்ட் போச்சு அண்ணாச்சி, நீங்க எங்க நின்னு பாத்தீங்க?” என்று மட்டும் கேளுங்கள். அவர் கடைக் கடிகாரம் எத்தனை நிமிடம் முந்துகிறது அல்லது பிந்துகிறது என்பதையும் கைபேசியோடு வைத்துப் படம் எடுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால், அழைப்புக்கு முன் மின்சாரம் போனதாக அவர் சொல்வதையும் பதிவுகள் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ‘தீராதது’ என்று குறித்துவிடுங்கள். ஒன்றிரண்டு தீராத வரிகள் உள்ள அறிக்கையை நான் மதிப்பேன். எல்லாம் பொருந்திவரும் அறிக்கை கையில் வந்தால், யாரையோ உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைப்பேன்.

மிஞ்சியிருப்பது புகை எப்போது தொடங்கியது என்ற கேள்வி. காவலாளி முதல் சுற்றில் தவிட்டு அறை வாசலைக் கடப்பது கேமராவில் 6:49:30 என்று பதிவாகியிருக்கிறது. திருத்தினால் அது 6:38:35. அப்போது வாடை எதுவும் இல்லை என்கிறார். 6:51க்கு முன் கொட்டகையில் இருந்தவர் புகையைக் கண்டுவிட்டார். எனவே புகை வெளியே தெரியத் தொடங்கியது 6:38க்கும் 6:51க்கும் இடையில். 13 நிமிட இடைவெளி. இதை ஒற்றை நேரமாகச் சுருக்க ஆசை வரும். சுருக்குவதற்கு நியாயமான ஒரு வழி இருக்கிறது: கொட்டகையில் இருந்தவர், புகையைக் கண்டு கத்தியதிலிருந்து விளக்கு அணைந்ததுவரை என்னென்ன செய்தார் என்று கேட்டு, அந்த நடையை அதே மாலை வேளையில், அதே பாதையில் அவரையே நடக்கவைத்து, கைபேசியில் நேரம் எடுங்கள். இரண்டு மூன்று முறை எடுத்து, மிகக் குறைந்ததையும் மிக அதிகமானதையும் எழுதுங்கள். நாலு நிமிடம் என்று நீங்களே மதிப்பிட்டு எழுதாதீர்கள். தன் வாக்குமூலத்தில் அவர், “ஒரு பீடி குடிச்சு முடிக்கிற நேரம் இருக்கும்” என்று சொல்லியிருக்கிறார். தவிட்டு அறைப் பக்கத்தில் பீடி என்ற சொல்லைப் பார்த்ததும் அதை அடித்துவிட்டு ‘சில நிமிடங்கள்’ என்று மாற்றியிருக்கிறீர்கள். அடித்த கோட்டுக்குக் கீழே எழுத்து தெரிகிறது. அதைத் திரும்ப எழுதிவிடுங்கள். நேரத்தை அளக்க நம் ஊரில் காலங்காலமாகச் சொல்லும் வழக்குதான் அது என்று அவரே விளக்கினால் சர்வேயருக்குப் புரியும். அடித்துவைத்ததை அவர் கண்டுபிடித்தால், மீதமுள்ள எந்த வரியையும் நம்ப மாட்டார்.

எழுதும் முறைக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு வரியிலும் திருத்திய நேரம், நிகழ்வு, யார் அல்லது எது சொன்னது, மூலத்தில் இருந்த நேரம் என்ற நான்கும் இருக்கட்டும். உங்கள் காகிதங்களிலிருந்து இதுவரை எனக்குக் கிடைப்பது இவ்வளவுதான்:

6:38 – காவலாளி தவிட்டு அறையைக் கடக்கிறார், வாடை இல்லை (கேமரா, திரையில் 6:49, வாடை பற்றி அவர் வாக்குமூலம்)
6:38க்குப் பின், 6:51க்கு முன் – கொட்டகையில் இருந்தவர் புகையைக் காண்கிறார் (வாக்குமூலம்)
6:51 – ஆலையில் மட்டும் மின்சாரம் நிற்கிறது (கேமரா, திரையில் 7:02)
6:51க்குப் பின் – திண்ணையில் இருந்தவர் புகையைக் காண்கிறார் (வாக்குமூலம்)
6:54 – காவலாளி முதலாளியை அழைக்கிறார் (முதலாளியின் கைபேசி)
6:57 – அண்ணாச்சி 101க்கு அழைக்கிறார் (அவர் கைபேசி, நிலையப் பதிவேட்டில் 6:59)
7:03, இரண்டு நிமிடம் கூடவோ குறையவோ – தெருவில் மின்சாரம் நிறுத்தப்படுகிறது (துணை மின்நிலையக் குறிப்பு)
7:15 முதல் 7:16க்குள் – வண்டி வருகிறது (நிலையப் பதிவேட்டில் 7:17, கணக்குப்பிள்ளையின் படம் 7:16)

காவலாளிக்கு வாடை வந்தது எந்த வரியில் சேரும் என்பதை நான் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். விளக்கு அணைவதற்கு முன்பா பின்பா என்று அவரிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் தொடர் ஓடிக்கொண்டிருந்ததற்கும் ஆலையில் மின்சாரம் இருந்ததற்கும் தொடர்பில்லை, ஏனென்றால் அந்த வீட்டுக்கு 7:03 வரை மின்சாரம் இருந்திருக்கிறது. ஆகவே அவர் நின்ற இடத்தில் ஆலை விளக்கு எரிந்ததா என்பதைத் தனியே கேளுங்கள். முதல் கேள்வி அதுவாக வேண்டாம். அன்று மாலை முதல் சுற்று முடித்து எங்கே போய் உட்கார்ந்தார் என்பதிலிருந்து தொடங்குங்கள்.